மேற்கு ஜன்னலுக்கு மூன்று மறைப்பு

பள்ளிக்கூடத்தில் பதினோரு வருடம் புவியியல் நடத்திய பிறகுதான், சூரியன் எந்தப் பக்கம் மறைகிறது என்று எனக்குச் சரியாகத் தெரிந்தது. அதுவும் என் மனைவி சொல்லித் தெரிந்தது. உத்தராயணம், தட்சிணாயனம், கடகரேகை, மகரரேகை என்று கரும்பலகையில் நான் வண்ணச் சுண்ணாம்புக்கட்டியால் போட்ட படத்தைப் பார்த்து ஓர் ஆய்வாளரே பாராட்டியிருக்கிறார். பாராட்டியவரும் நானும் ஒரு தடவையாவது ஜன்னல் வழியாக வெளியே பார்த்திருக்கலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் என் மனைவி ஒரு தட்டச்சுப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தாள். டைப்ரைட்டருக்கு இனி ஆயுசு அதிகமில்லை என்று ஊரில் பலருக்கும் முன்னால் அவளுக்குப் பட்டுவிட்டது. நான்கு கம்ப்யூட்டர் வாங்கினாள். கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடை. அதன் மாடியில் பெரிய அறை. அதை வாடகைக்குப் பிடித்தாள். கடையும் கட்டடமும் ஓர் அண்ணாச்சிக்குச் சொந்தம். ஆணி, கம்பி, தகரம், வாளி என்று கீழே வியாபாரம். எங்களுக்கு மேலே இன்னொரு மாடி கட்டி அவர் சரக்கு போட்டு வைத்திருந்ததால், கூரைச் சூடு நேராக எங்கள் தலையில் இறங்காது. அந்த அறைக்கு இருந்த ஒரே புண்ணியம் அதுதான்.

பாவம் மேற்குப் பக்கம் இருந்தது. சாலையைப் பார்த்த அந்தச் சுவரில் மூன்று பெரிய ஜன்னல்கள், இடுப்பு உயரத்திலிருந்து மேல்வரை கண்ணாடி. மதுரையில் ஏதோ ஒரு ஜவுளிக்கடையைப் பார்த்துவிட்டு வந்து அண்ணாச்சி ஆசையாக வைத்தது. முகப்பு எடுப்பாக இருக்க வேண்டும் என்று ஜன்னலுக்கு மேலே சன்ஷேடுகூட இல்லாமல் கட்டியிருந்தார். எடுப்பாகத்தான் இருந்தது. பஸ் நிலையத்திலிருந்து பார்த்தாலே பளபளக்கும். பளபளப்பில் பாதி வெளியே போனால் மீதிப் பாதி உள்ளே வரும் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

கம்ப்யூட்டர் அறை என்றால் ஏ.சி. வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சாஸ்திரம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதுபோலப் போக வேண்டும். மதுரையில் மூடிவிட்ட ஓர் அலுவலகத்திலிருந்து பழைய ஜன்னல் ஏ.சி. ஒன்று கிடைத்தது. ஒன்றரை டன். அதை மாட்ட வந்த மெக்கானிக் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெயில் நேராக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். வீட்டில் வெயிலைப் பற்றிச் சான்றிதழ் வைத்திருந்தவன் நான்தானே.

அது ஜனவரி மாதம். மூன்று நாள் சாயங்காலம் நோட்டும் பென்சிலுமாக அறையில் உட்கார்ந்து ஆராய்ந்தேன். வெயில் தென்மேற்கிலிருந்து சாய்ந்து வந்தது. உள்ளேயிருந்து பார்த்தால் இடப்பக்கம். ஆகவே ஒவ்வொரு ஜன்னலுக்கும் வெளியே, தெற்கு ஓரத்தில், ஒன்றரை அடி அகலத் தகரத்தைக் கதவு திறந்து நிற்பதுபோல நிற்க வைத்தேன். தகரம் அண்ணாச்சி கடையது, புத்தி என்னுடையது. மறுநாள் அறைக்குள் ஒரு பொட்டு வெயில் விழவில்லை. வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். பிப்ரவரி வரைக்கும் நான் பெரிய ஆள்.

மாசி கழிந்து பங்குனி பிறந்ததும் வெயில் தகரத்தைச் சுற்றிக்கொண்டு நேர் எதிரே வந்து நின்றது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அறை அடுப்படி ஆனது. ஏ.சி. முக்கியது. போதாததற்கு அந்த நேரம் பார்த்து வோல்டேஜ் இறங்கும். கம்ப்ரஸர் ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கிப் போகும். அப்புறம் காற்றாடி மட்டும் சுற்றும். மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக உறைந்து நிற்கும். அவ்வளவு வெக்கையில் "உறைந்துவிட்டது" என்று சொல்வதற்கே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

மத்தியான வகுப்பில் எட்டுப் பெண்கள். பரளச்சி, பாலவனத்தம், திருச்சுழிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். காலையில் சிலருக்குக் கடை வேலை, சிலருக்கு வீட்டு வேலை. மத்தியானம் ஒரு பஸ்ஸில் வந்து, ஐந்து மணி பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும். அந்த இடைவெளி போனால் அவர்களுக்கு வேறு நேரம் கிடையாது. மே மாதக் கடைசியில் அவர்களுக்கு முதல் செய்முறைத் தேர்வு. எங்கள் அறையிலேயே, மத்தியானம் இரண்டு மணிக்கு, வெளியூரிலிருந்து ஒருவர் வந்து நடத்துவார். நடுவில் இயந்திரம் நின்றால் செய்ததெல்லாம் போகும். மறுபடி எழுதப் பாதிப் பேரை வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

என் மனைவி அதிகம் பேசுகிறவள் இல்லை. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்: "மே மாசத்துக்குள்ள இந்த ரூமு ஆறலைன்னா, மத்தியான பேட்ச நிறுத்திர வேண்டியதுதான். பரீட்சையில வச்சு பிள்ளைகள அழவிட என்னால ஏலாது."

உடனே செயலில் இறங்கினேன். அதாவது திரைச்சீலை வாங்கப் போனேன்.

சினிமாக் கொட்டகையில் தொங்குமே, அந்த மாதிரிக் கருஞ்சிவப்பு வெல்வெட்டுத் துணி. கனம் அதிகமானால் வெயில் தாங்கும் என்பது என் சித்தாந்தம். மூன்று ஜன்னலிலும் தொங்கவிட்டபோது அறைக்கு ஓர் அரசவைக் களை வந்தது. இருட்டானது உண்மை. சூடு குறையவில்லை. மூன்று மணிக்குத் திரையைத் தொட்ட ஒரு பெண் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டவள்போலக் கையை உதறினாள். என்ன என்று கேட்க மெக்கானிக்கை மறுபடி வரவழைத்தோம். இன்னொரு ஏ.சி. மாட்டிவிடலாமா என்றும் கேட்டேன். இருக்கிற ஒன்றுக்கே வயரும் வோல்டேஜும் போதவில்லை, இரண்டாவதை எதில் மாட்டுவீர்கள் என்றார். பிறகு திரையை இரண்டு விரலால் விலக்கி, கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவில் கையை நீட்டிப் பார்த்தார்.

"சார், வெயிலு கண்ணாடியத் தாண்டி உள்ள வந்துருச்சு. வந்தப்புறம் நீங்க அதுக்கு வெல்வெட்டு விரிச்சு உக்கார வச்சிருக்கீக. அது எந்திரிச்சு வெளிய போகுமா?"

இருட்டுத் துணி வெயிலைக் குடித்து, குடித்ததைச் சூடாக அறைக்குள்ளேயே விட்டுக்கொண்டிருந்தது. அதை வெளியே தள்ளும் வேலைதான் ஏ.சி.க்கு. தான் தள்ளுவதைவிட அதிகமாக உள்ளே வந்தால் அது என்ன செய்யும்? மறைக்கிறதாக இருந்தால் கண்ணாடிக்கு வெளியே மறையுங்கள், ஏ.சி. அப்புறம் என்று சொல்லிவிட்டு, அவர் என் வெல்வெட்டை ஒரு முறை தடவிப் பார்த்தார். நல்ல துணி என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, கேலியா என்று இன்றுவரை தெரியவில்லை.

வெளியேதான் என் தகரம் இருக்கிறதே என்று நினைத்தேன். சித்திரை நடுவில், பள்ளிக்கூடம் விடுமுறை விட்டபின் ஒரு நாள் மூன்று மணிக்கு அறைக்குப் போனால், வெல்வெட்டை விலக்கி வைத்திருந்தார்கள்; சுவரில் மூன்று இடத்தில் வெள்ளை வெளிச்சம் தகதகவென்று ஆடிக்கொண்டிருந்தது. வெயில் இப்போது வடமேற்கிலிருந்து வந்து, தெற்கு ஓரத்தில் நின்ற தகரத்தின் உள்முகத்தில் பட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்பி, அறைக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. வராத வெயிலையும் என் தகரம் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்திருந்தது.

என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, தை மாசத்துலருந்து சூரியன் வடக்க நகருதுன்னு நீங்கதான பாடம் எடுக்கிறீக?"

"ஆமா."

"அப்ப அது நெசந்தானா?"

அன்று சாயங்காலமே தகரங்களைக் கழற்றினோம். மறுநாள் காலை அவள் எனக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். முதலில் வெளிமறைப்பு, இரண்டாவது கண்ணாடிக்கு ஏதாவது, மூன்றாவதுதான் திரை, கடைசியில் ஏ.சி. இந்த வரிசையை மாற்றக் கூடாது என்றாள். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. நான் கரும்பலகையில் போட்ட எந்தப் படமும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

வெளிமறைப்புக்கு நான் தென்னங்கீற்று கொண்டுவந்தேன். சல்லிசு, லேசு, காற்று ஓடும். இரண்டு ஆட்களை வைத்து, மேல்மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கண்ணாடிக்கு ஓர் அடி முன்னால் தொங்கும்படி, பச்சைக் கீற்றை வரிசையாகக் கட்டினேன். கண்ணாடியை ஒட்டிக் கட்டக் கூடாது. இடைவெளி இருந்தால் சூடான காற்று மேலே போய்விடும் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. தெரியாதது ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் முகூர்த்தம் இல்லாத நாளில், பத்து மணிக்கு ஒரு வீட்டு முகப்பில் பச்சைக் கீற்று ஏறினால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான்.

பதினொரு மணிக்குப் பரளச்சியிலிருந்து வந்த ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கினார், கட்டடத்தைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். உள்ளே தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி நிமிர்ந்து என்ன வேண்டும் என்று கேட்டார். வந்தவர் திடுக்கிட்டு இரண்டடி பின்வாங்கினாராம்.

"நல்லாருக்கீகளா அண்ணாச்சி? நான் ஒங்களுக்குன்னுல்ல நெனச்சு எறங்குனேன்."

பன்னிரண்டு மணிக்குள் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். பாளையம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்த அண்ணாச்சியின் அக்கா ஆட்டோவில் அழுதுகொண்டே வந்து இறங்கி, தம்பியைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தி, அந்த மூச்சிலேயே திட்ட ஆரம்பித்தாள். யாரோ மாலையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அதைத் திருப்பிக் கொண்டுபோவது முறையில்லை என்பதால் கடையிலிருந்த சாமி படத்துக்குப் போட்டார்கள்.

அண்ணாச்சி மாடிக்கு ஏறி வந்தார். கோபத்தில் கத்துகிற மனிதர் இல்லை; அதுதான் பயமாக இருந்தது.

"வாத்தியாரய்யா, டீச்சர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா என்னைய உசுரோட வச்சு எழவு கேக்க விட்டுட்டீகளே. அத அவுத்துப்புட்டுத்தான் மறுவேலை."

கீற்று இறங்கியது. அத்தோடு வெளியே எதுவும் கட்டக் கூடாது, முகப்பு கெடுகிறது என்றும் சொல்லிவிட்டார். தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. என் மனைவி அந்த எட்டுப் பெண்களிடம் என்ன சொல்வது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சொல்லத் தெரிந்தது இரண்டே விஷயம். இரண்டும் மகரரேகையைப் பற்றியவை.

வழி கண்டுபிடித்தது அவள்தான். கீழே போய் அண்ணாச்சியிடம் நிதானமாகப் பேசினாள். கீற்று வேண்டாம், மூங்கில் தட்டி போடலாம். சுருட்டி இறக்குகிற தட்டி. வெளிப்பக்கம் வெள்ளை பெயிண்ட் அடித்துவிடலாம், வெள்ளைக்கு வெயில் திரும்பும். அந்த வெள்ளையில், மூன்று ஜன்னலுக்கும் சேர்த்து, சிவப்பு எழுத்தில் உங்கள் கடைப் பெயரைப் பெரிதாக எழுதிவிடலாம். பஸ் நிலையத்திலிருந்து வாசிக்கலாம்.

அண்ணாச்சி தெருவில் இறங்கி முகப்பை அண்ணாந்து பார்த்தார். எழுத்து எத்தனை அடி என்று மட்டும் கேட்டார்.

நான்காம் நாள் தட்டி ஏறிவிட்டது. கண்ணாடிக்கு ஓர் அடி தள்ளி, இரண்டு ஓரமும் ஜன்னலைத் தாண்டி முக்கால் அடி நீட்டி. தெற்கிலிருந்து வந்தாலும் வடக்கிலிருந்து வந்தாலும் இனிச் சூரியன் அண்ணாச்சி கடைப் பெயரைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். இதற்குப் பிறகு எங்களுக்கு வந்த ஒரே சிக்கல், வெளிச்சத்துக்காகக் காலையில் தட்டியைச் சுருட்டினால் கீழேயிருந்து ஆள் வருவான், "மொதலாளி எறக்கச் சொன்னாக" என்று.

அடுத்து கண்ணாடி. மதுரையில் காருக்கு அலங்காரச் சாமான் விற்கிற கடையில் சன் ஃபிலிம் கிடைக்கும் என்று போனேன். கறுப்பு ஒன்று, வெள்ளி நிறத்தில் ஒன்று. கை தானாகக் கறுப்புக்குப் போனது. வெல்வெட்டு ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டேன். கறுப்பு கண்ணுக்குக் குளிர்ச்சி, ஆனால் வெயிலைக் குடித்துக் கண்ணாடியையே சூடாக்கிவிடும். வெள்ளி அப்படியில்லை, வருகிறதில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பிவிடும் என்று கடைக்காரர் சொன்னார். நான் எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டினேன். ஊருக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, உட்பக்கம் ஒட்டி, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வழித்தோம். முதல் ஜன்னலை நான் ஒட்டினேன். அதில் அம்மை போட்டதுபோலக் கொப்புளம். மற்ற இரண்டையும் மத்தியான வகுப்புப் பெண்கள் ஒட்டினார்கள். அவற்றில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

கடைசியில் திரை. வெல்வெட்டை அவிழ்த்துவிட்டு, தடித்த வெளிர்நிறப் பருத்தித் துணி. கண்ணாடியைப் பார்த்த பக்கம் வெள்ளை உள்துணி கொடுத்துத் தைத்தது. மேலேயும் பக்கத்திலும் இடுக்கு விடாமல் சுவரோடு ஒட்டி விழும்படி தொங்கவிட்டோம்.

ஒழுங்குமுறையை என் மனைவி ஓர் அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினாள். விடிந்ததும் ஜன்னல் திறக்க வேண்டும், இரவுக் குளிர்ச்சி உள்ளே வரட்டும். ஒன்பது மணிக்குச் சாத்த வேண்டும். வெயில் உச்சிக்கு வந்து மேற்கே திரும்பும் முன்னால், பதினொன்றரைக்கெல்லாம், தட்டியும் திரையும் இறங்கிவிட வேண்டும். சூடு ஏறிய பிறகு இறக்கிப் பயனில்லை. வோல்டேஜ் இருக்கும்போதே, ஒரு மணிக்கு, ஏ.சி.யைப் போட்டுவிட வேண்டும். வேலையில்லாத இயந்திரமும் விளக்கும் அணைந்திருக்க வேண்டும், அவையும் அடுப்புதான்.

பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு வெப்பமானியைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். முன்பெல்லாம் ஏ.சி. ஓட ஓட மூன்று மணிக்கு முப்பத்தாறைக் காட்டிக்கொண்டிருந்தது. தட்டியும் ஃபிலிமும் திரையும் ஆன பிறகு, ஏ.சி. போடாமலே முப்பத்து மூன்றில் நின்றது. ஏ.சி. போட்டதும் இருபத்தெட்டு. கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானாக நின்று ஓய்வெடுத்தது. அந்த மௌனத்தை நான் முதல் தடவையாகக் கேட்டேன். அது மறுபடி ஓடுவதற்குள் கீழே இறங்கி, எதிரே டீக்கடையில் இரண்டு பேரிடம் அதைப் பற்றிச் சொல்லிவிட்டும் வந்துவிட்டேன்.

தேர்வு நாள் கத்திரி வெயிலில் வந்தது. தேர்வாளர் மதுரையிலிருந்து பஸ்ஸில், சட்டை முதுகோடு ஒட்டிப்போக வந்து இறங்கினார். அறைக்குள் வந்ததும் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார். எட்டுப் பெண்களும் இரண்டு பிரிவாக நான்கு இயந்திரத்தில் உட்கார வேண்டும். நான் வெளியே வராந்தாவில், கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டே முக்காலுக்கு வோல்டேஜ் இறங்கியது. ஏ.சி. ஒரு தடவை உறுமியது. என் மனைவி தேர்வாளர் பின்னால் ஓசைப்படாமல் நடந்துபோய், அதன் குமிழைத் திருப்பிக் காற்றாடியில் மட்டும் விட்டாள். அதன்பின் கடைசிவரை கம்ப்ரஸர் ஓடவே இல்லை. கம்ப்யூட்டர்கள் ஸ்டெபிலைசரில் தாக்குப்பிடித்தன. வெப்பமானி இருபத்தொன்பது ஆயிற்று, முப்பது ஆயிற்று, முப்பதரையில் நின்றது. முதல் நான்கு பேர் முடித்து எழுந்தார்கள். அடுத்த நான்கு பேர் உட்கார்ந்தார்கள். வெளியே வராந்தாவில் எனக்கு வேர்த்து ஊற்றியது; உள்ளே திரைக்குப் பின்னால், ஃபிலிமுக்குப் பின்னால், அண்ணாச்சியின் சிவப்பு எழுத்துக்குப் பின்னால், பரளச்சிப் பெண் ஒருத்தி நெற்றியில் ஈரமில்லாமல் ஒரு கடிதத்தை அடித்துத் திருத்தி அச்செடுத்துக்கொண்டிருந்தாள். ஓர் இயந்திரமும் நிற்கவில்லை. நாலரைக்கு எட்டாவது காகிதம் பிரிண்டரிலிருந்து கிழிந்து வந்தது. அத்தனை பேரும் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தார்கள்.

என் வாழ்க்கையில் பெருமைப்படும்படியான சாயங்காலங்களை எண்ணினால் ஒரு கை விரல்கள் மிச்சமாகும். அதில் இது முதல் விரல். என் மனைவி நாற்காலியில் சாய்ந்து, அந்த மூன்று ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தேர்வாளர் தாள்களைக் கட்டிப் பையில் வைத்துக்கொண்டார். இவ்வளவையும் அவரிடம் எப்படித் தொடங்கிச் சொல்வது, தகரத்தில் ஆரம்பிப்பதா கீற்றில் ஆரம்பிப்பதா என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே அவரோடு படியிறங்கினேன். கடைசிப் படியில் அவர் நின்று திரும்பினார்.

"பிரமாதமான ஏ.சி. சார். எங்க ஆபீஸுக்கும் ஒண்ணு வாங்கணும். என்ன கம்பெனி?"